பிந்தி வரும் வெயிட்டருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்: நியாயமாக எழுதுவது எப்படி?

“நீர் அடிக்கடி வேலைக்குப் பிந்தி வருகிறீர். இனியும் பிந்தினால் முன்னறிவித்தல் இன்றி வேலையிலிருந்து நீக்கப்படுவீர்.”

ஹெந்தளையில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் முதலாளி, தன் வெயிட்டர் ஒருவருக்குக் கொடுப்பதற்காக எழுதி வைத்திருந்த கடிதம் இவ்வளவுதான். வத்தளை, ஹெந்தளைப் பக்கச் சிறு கடைகளுக்குக் கணக்கும் கடிதமும் எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் தட்டச்சு செய்வதற்காக அது என் கைக்கு வந்தது. அந்த இரண்டு வரிகளும் எப்படி ஒரு பக்கக் கடிதமாக மாறின என்பதையே இங்கே எழுதுகிறேன். கடை நடத்துபவர்களுக்கும் கடையில் வேலை செய்பவர்களுக்கும் இது பயன்படும். கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் மேசை துடைத்து, பரிமாறி, அந்தச் சம்பளத்தில் வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஒரு குடும்பத்தைத் தாங்கி நிற்கும் எம் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு வேலை போவது இப்படியான இரண்டு வரிகளில்தான்.

அந்தக் கடிதத்தில் என்ன குறை? “அடிக்கடி” என்றால் எத்தனை நாள்? “பிந்தி” என்றால் எத்தனை நிமிடம்? ஏன் பிந்தினார் என்று யாராவது கேட்டார்களா? நாளை முதல் அவர் எதைச் செய்தால் வேலை தப்பும்? ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. வேலையை விட்டு அனுப்பும் எண்ணத்தோடு எழுதினால் கடிதம் இப்படித்தான் வரும். எச்சரிக்கைக் கடிதத்தின் வேலையோ அதற்கு நேர் எதிரானது. அதை வாசிக்கும் ஆள், வேலையைத் தக்கவைக்கும் வழியை அந்தத் தாளிலேயே காண வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

சிறு கடைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று முதலாளிமார் நினைப்பதுண்டு. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ், வேலை நீக்கப்பட்ட ஒருவர் 6 மாதங்களுக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். நீதியும் நியாயமுமான கட்டளை எதுவோ அதை வழங்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. நீக்கியதை முதலாளி ஒப்புக்கொண்டால், ஏன் நீக்கினேன் என்று நியாயம் காட்டும் பொறுப்பும் அவருடையது. அங்கே “அடிக்கடி” என்ற சொல் நிற்காது. திகதியும் நேரமும்தான் நிற்கும்.

15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு கடமையையும் வைக்கிறது. ஒழுக்காற்று நடவடிக்கையாக ஒருவரை நீக்கினால், நீக்கிய நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் சொல்லும் கடையில் 9 பேர்தான். ஆகவே அந்தச் சட்டம் இங்கே பொருந்தாது. ஆனால் நியாயசபையின் கதவு 9 பேர் உள்ள கடையின் ஊழியருக்கும் திறந்தே இருக்கிறது.

உலக அளவிலும் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சர்வதேச தொழில் அமைப்பு 1982 இல் வெளியிட்ட 166 ஆம் இலக்கப் பரிந்துரை, திரும்பத் திரும்பச் செய்தால் மட்டுமே வேலை நீக்கத்துக்குக் காரணமாகக்கூடிய தவறுகளுக்கு, உரிய எழுத்து எச்சரிக்கை கொடுக்காமல் ஒருவரை நீக்கக்கூடாது என்கிறது. பிந்தி வருவது அத்தகைய தவறுதான். ஒருநாள் பிந்தியதற்காக யாரையும் நீக்க முடியாது. பிரிட்டனில் ஏகாஸ் என்ற அமைப்பு வெளியிட்டுள்ள வழிகாட்டு விதியும் எழுத்து எச்சரிக்கையில் மூன்று விடயங்களைக் கேட்கிறது: தவறு என்ன, எந்த மாற்றம் எவ்வளவு காலத்துக்குள் வேண்டும், எச்சரிக்கை எவ்வளவு காலம் நடைமுறையில் இருக்கும்.

முதலில் இடாப்பைப் பாருங்கள்

முதலாளியிடம் நான் முதலில் கேட்டது மார்ச் மாத வரவு இடாப்பை. காலை வேலை 7.00 மணிக்குத் தொடங்கும். 24 வேலைநாளில் அந்த வெயிட்டர் 7 நாள் பிந்தியிருந்தார். 5 ஆம் திகதி புதன் 7.25, 8 ஆம் திகதி சனி 7.40, 12 புதன் 7.20, 17 திங்கள் 7.35, 19 புதன் 7.30, 22 சனி 7.45, 24 திங்கள் 7.50. மொத்தம் 4 மணித்தியாலமும் 5 நிமிடமும்.

திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதியவுடன் ஒன்று தெரிந்தது. ஐந்து நாள்கள் புதனும் சனியும். செவ்வாய் இரவிலும் வெள்ளி இரவிலும் கடை பூட்டும் வேலை யாருடையது என்று ரோஸ்டரைப் பார்த்தால், அதே தம்பியுடையது. கடை 10.30க்கு மூடினாலும் மேசை, கதிரை ஒதுக்கி, நிலம் கழுவிப் புறப்பட 11.30 ஆகிவிடும். அவர் தங்கியிருந்த அறை கொட்டாஞ்சேனையில். களனி கங்கையைத் தாண்டி, அந்த நேரத்தில் கிடைப்பதைப் பிடித்து அறைக்குப் போய்ச் சேர நள்ளிரவு கடந்துவிடும். அடுத்த நாள் காலை 7 மணிக்கு அவர் மீண்டும் கடையில் நிற்க வேண்டும்.

கடிதம் எழுதுவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இது. பிந்திய நாள்களை ஒரு பக்கத்திலும், அதற்கு முதல் நாள் வேலை முடிந்த நேரத்தை மறு பக்கத்திலும் எழுதுங்கள். ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ரோஸ்டரில் ஏதோ இருக்கிறது. ஒழுங்கில்லாமல் சிதறி வந்தால் காரணம் ஆளிடம் இருக்கலாம். இடாப்பில் நேரம் எழுதாமல் “பிந்தியது” என்று மட்டும் குறித்திருந்தால், அந்த நாள்களைக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். நிரூபிக்க முடியாத ஒரு திகதி, நிரூபிக்கக்கூடிய மற்ற ஆறையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

எழுதுவதற்கு முன் கேளுங்கள்

அடுத்தது பேச்சு. மதியச் சாப்பாட்டு நெரிசல் ஓய்ந்த பிறகு, வாடிக்கையாளரும் மற்ற வேலையாள்களும் இல்லாத இடத்தில், 15 நிமிடம். தான் நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. குசினியில் வேலை செய்யும் ஓர் அண்ணையை அவர் அழைத்து வந்தார்.

முதலாளி கேட்டது இரண்டே கேள்வி. “தம்பி, இந்த நாள்களில் ஏன் பிந்தினது? பிந்தாமல் வர என்ன மாறவேணும்?” ஐந்து நாளுக்கும் காரணம் நாம் ஊகித்ததுதான். 17 ஆம் திகதி நித்திரையாகிப் போனேன் என்று ஒளிக்காமல் சொன்னார். 24 ஆம் திகதிக்கு முதலில் பதில் வரவில்லை. பிறகு, ஊரில் தனியே இருக்கும் தாயைப் பார்க்க முல்லைத்தீவுக்குப் போய், ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்பியதாகச் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று முதலாளி கேட்டார். “ஊர் எது எண்டு சொன்னால் வேற கேள்வியளும் வரும் எண்டு விட்டிட்டன்” என்றார் அவர்.

இந்தப் பதில் எம்மவருக்குப் புதிதல்ல. ஊர், இயக்கம், தடுப்பு முகாம் என்று நீளும் கேள்விகளுக்குப் பயந்து, உண்மையான காரணத்தை மறைத்து, சோம்பேறி என்ற பெயரைச் சுமப்பவர்கள் உண்டு. ஆகவே கேட்பவர் ஓர் எல்லையில் நிற்க வேண்டும். பிந்தியதற்கான காரணத்தைக் கேட்கலாம், கடந்தகாலத்தைக் கேட்கக்கூடாது. கிடைத்த பதிலையும் அப்படியே கடிதத்தில் எழுதக்கூடாது. கடிதம் கோவையில் இருக்கும், நாளை வேறொருவரும் அதை வாசிப்பார். “குடும்பக் காரணமான பயணம்” என்று எழுதினால் போதும்.

எது யாருடைய பங்கு

இதன் பிறகே எச்சரிக்கை தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். ஏழு நாளில் ஐந்துக்கு ரோஸ்டரும் காரணம். அதை மாற்ற வேண்டியது கடை. அப்படியானால் எச்சரிக்கையே வேண்டாமா? வேண்டும் என்றே எனக்குப் பட்டது. ஏழு நாளில் ஒருநாள்கூட அவர் தொலைபேசியில் சொல்லவில்லை. காலை இடியப்பமும் தோசையும் போகும் நேரத்தில், மற்ற இரண்டு வெயிட்டர்மாரும் அவருடைய மேசைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை வாயால் சொல்லியும் ஆயிற்று. 17 ஆம் திகதிக்கு ரோஸ்டரைக் குறை சொல்ல முடியாது. நியாயம் என்பது தவறை மூடி விடுவதல்ல, அவரவர் பங்கை அவரவருக்கு எழுதுவது.

முதலாளிக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் அரைநாள் சம்பளத்தை வெட்டுவது. 20 நிமிடத்துக்கு அரைநாள் என்பது எச்சரிக்கை அல்ல, தண்டம். சம்பளத்திலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் தனி விதிகள் உள்ளன. முதலாளி நினைத்தபடி வெட்ட முடியாது. அந்த யோசனை கைவிடப்பட்டது.

கடிதம்

கடைசியில் கொடுக்கப்பட்ட கடிதம் இது. பெயர்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 4
திரு. ………………, வெயிட்டர்

வேலைக்குப் பிந்தி வருதல் தொடர்பான எழுத்து எச்சரிக்கை

1. உங்கள் காலை வேலை 7.00 மணிக்குத் தொடங்குகிறது. வரவு இடாப்பின்படி மார்ச் மாதம் 5, 8, 12, 17, 19, 22, 24 ஆம் திகதிகளில் 20 முதல் 50 நிமிடம் வரை பிந்தி வந்தீர்கள். எந்த நாளிலும் முன்கூட்டி அறிவிக்கவில்லை. இடாப்பின் பிரதி இத்துடன் உள்ளது. பெப்ரவரி 20, மார்ச் 14 ஆகிய நாள்களில் இதுபற்றி உங்களிடம் வாயால் கூறப்பட்டது.

2. ஏப்ரல் 2 ஆம் திகதி உங்கள் விளக்கத்தைக் கேட்டோம். ஐந்து நாள்கள், முதல் நாள் இரவு கடை பூட்டும் வேலை செய்த பின் வந்தவை என்றும், ஒருநாள் குடும்பக் காரணமான பயணம் என்றும், ஒருநாள் நித்திரை என்றும் கூறினீர்கள். அந்த ஐந்து நாள்களுக்கு ரோஸ்டரும் காரணம் என்பதைக் கடை ஏற்றுக்கொள்கிறது. அறிவிக்காமல் பிந்தியமைக்காகவும், 17, 24 ஆம் திகதிகளுக்காகவும் இந்த எச்சரிக்கை தரப்படுகிறது.

3. கடை செய்வது: ஏப்ரல் 7 முதல், இரவு பூட்டும் வேலை செய்த மறுநாள் உங்கள் வேலை 10.00 மணிக்குத் தொடங்கும். ஊருக்குப் போக வேண்டிய வாரத்தில் வியாழனுக்கு முன் அறிவித்தால், திங்கள் வேலை நண்பகல் 12.00 மணிக்கு மாற்றித் தரப்படும்.

4. நீங்கள் செய்ய வேண்டியது: காலை வேலை நாள்களில் 7.00 மணிக்குச் சீருடையுடன் தயாராக இருத்தல். பிந்த நேர்ந்தால் 6.30க்கு முன் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் கூறுதல்.

5. ஏப்ரல் 7 முதல் மே 31 வரையான 8 வாரத்தில், 10 நிமிடத்துக்கு மேல் பிந்துவது இரண்டு தடவைக்கு மேற்படக்கூடாது. அந்த இரண்டும் முன்கூட்டி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். புத்தாண்டு விடுமுறைப் பயண நாள்கள் தனியாகப் பேசி முடிவு செய்யப்படும். ஏப்ரல் 19, மே 3, 17, 31 ஆகிய சனிக்கிழமைகளில் இடாப்பைச் சேர்ந்து பார்ப்போம்.

6. இந்த அளவு எட்டப்படாவிட்டால், உங்கள் விளக்கம் மீண்டும் கேட்கப்பட்டு இறுதி எச்சரிக்கை தரப்படலாம். அதன் பின்னும் தொடர்ந்தால், விசாரணை நடத்தி வேலை நீக்கம் வரை தீர்மானிக்கப்படலாம். முன்னேற்றம் இருந்தால் இந்த எச்சரிக்கை அக்டோபர் 4 ஆம் திகதியுடன் காலாவதியாகும்.

7. இதில் ஏதேனும் தவறு என்று கருதினால் 7 நாளுக்குள் எழுதித் தரலாம். உங்கள் பதில் இக்கடிதத்துடன் கோவையில் வைக்கப்படும்.

கையொப்பம்: முதலாளி
“கடிதத்தின் பிரதி கிடைத்தது. இக்கையொப்பம் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டதாகாது.” ஊழியர் கையொப்பம், திகதி.

சில வரிகள் ஏன் அப்படி எழுதப்பட்டன

ஐந்தாம் பந்தியில் இரண்டு தடவைக்கு இடம் விட்டதை முதலாளி விரும்பவில்லை. “ஒருநாளும் பிந்தக்கூடாது எண்டு எழுதும்” என்றார். பேலியகொடைப் பக்கம் காலையில் வாகன நெரிசல் எப்படி இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். யாராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனை எழுதப்பட்டால், முதல் மழைநாளிலேயே கடிதம் பொய்த்துவிடும். பிறகு முதலாளி அதைப் பார்த்தும் பாராமல் இருக்க வேண்டும், இல்லையேல் அநியாயமாக நடக்க வேண்டும். எண்ணக்கூடிய, எட்டக்கூடிய அளவே இரு பக்கத்தையும் கட்டும்.

காலாவதித் திகதியும் அப்படித்தான். முடிவில்லாத எச்சரிக்கை ஒருவரின் தலைக்கு மேல் வருடக்கணக்கில் தொங்கும். திருந்தியதற்குப் பலன் இல்லையென்றால் திருந்துவதற்கு என்ன காரணம்? 8 வாரம் திருத்தத்துக்கு, 6 மாதம் கடிதத்தின் ஆயுளுக்கு என்று இரண்டும் வேறுவேறாக வைக்கப்பட்டன.

மொழி இன்னும் முக்கியம். இந்தப் பகுதிக் கடைகளில் இத்தகைய கடிதங்கள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கொடுக்கப்படுவதுண்டு. வாசிக்கத் தெரியாத மொழியில் தரப்படும் எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல. போர்க்காலத்தில், தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட தாள்களில் கையொப்பமிட வைக்கப்பட்டவர்களின் கதை எம்மிடம் நிறைய உண்டு. அந்த நினைவுள்ள ஒருவர் முன் ஒரு தாளை நீட்டி “கையெழுத்துப் போடு” என்றால், அவர் கை நடுங்குவது குற்ற உணர்வினால் அல்ல. கடிதம் தமிழில் இருக்கட்டும். சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அறைக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளை கையொப்பமிடலாம் என்று சொல்லுங்கள். இந்தத் தம்பியும் அடுத்த நாள்தான் கையொப்பமிட்டார்.

ஒருவர் வாங்க மறுத்தால் வற்புறுத்தத் தேவையில்லை. மறுத்ததைத் திகதியுடன் குறித்து, பார்த்த ஒருவரின் கையொப்பத்தை எடுத்து, கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும்.

கடிதம் உங்கள் கைக்கு வந்தால்

வேலை செய்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பிரதியைக் கேட்டு வாங்குங்கள், கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். “கிடைத்தது” என்று கையொப்பமிடுவதற்கும் “ஏற்றுக்கொள்கிறேன்” என்று கையொப்பமிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வரி இல்லையென்றால் நீங்களே கையால் எழுதி அதன் கீழ் கையொப்பமிடலாம். எச்சரிக்கைக் கடிதத்தோடு வெற்றுத் தாளிலோ திகதியில்லாத விலகல் கடிதத்திலோ கையொப்பம் கேட்டால் போட வேண்டாம். திகதிகளில் பிழை இருந்தால் சும்மா இருந்துவிடாமல், இரண்டு வரியிலாவது பதில் எழுதிக் கொடுத்து அதன் பிரதியை வைத்திருங்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகவே பின்னர் வாதிடுவார்கள். பேசித் தீராவிட்டால் தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் முறையிடலாம்.

முதலாளிமாரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடிதம் கொடுத்தபின் மீளாய்வு நாள்களை மறந்துவிடுவதே அதிகம் நடக்கும் தவறு. முன்னேற்றத்தையும் இடாப்பில் பார்த்து எழுதி வைக்காவிட்டால், கோவையில் தவறு மட்டுமே மிஞ்சும்.

ஹெந்தளைக் கடையில் அந்த 8 வாரத்தில் ஒரே ஒரு தடவைதான் 10 நிமிடத்துக்கு மேல் பிந்தியது. மழைநாள், 25 நிமிடம். 6.20க்கே தொலைபேசி வந்துவிட்டது. மே மாதம் ஒருமுறை, வியாழனுக்கு முன்பே சொல்லிவிட்டு ஊருக்குப் போய், திங்கள் நண்பகலில் வேலைக்கு வந்தார். மே 31 ஆம் திகதி முதலாளி கடிதத்தின் கீழே “அளவு எட்டப்பட்டது” என்று எழுதித் திகதியிட்டார். பூட்டும் வேலைக்கு மறுநாள் 10 மணி என்ற ஒழுங்கு இப்போது மற்ற இரண்டு வெயிட்டர்மாருக்கும் நடைமுறையில் இருக்கிறது.